பல சொல்லுக்கு ஒரு சொல்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் டீசல், பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு என்னை அழைத்திருக்கிறீர்கள். களைத்திருப்பீர்கள். ஆனாலும் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பொங்கல் விழாவில் குழந்தைகளுக்கு நடத்திய வினாடி வினா, அதற்குப் பிறகு இரண்டு நாள் வாட்ஸாப் குழுவில் ஓடிய சண்டை, இரண்டும் உங்களுக்கு நினைவிருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

'ஒரே சொல்லில் எழுதுக' என்ற பகுதியில் ஒரு கேள்வி: "கடலடியில் முத்துச்சிப்பிகள் கூட்டமாக ஒட்டி வளரும் பாறைத்தளம்." விடைத்தாளில் இருந்த விடை 'முத்துப்படுகை'. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 'பார்' என்று எழுதியிருந்தான். தப்பு என்று கோடு போட்டுவிட்டார்கள். "பார் என்றால் உலகம், இல்லாவிட்டால் கண்ணால் பார், அதுவும் இல்லாவிட்டால் பைபாஸ் ரோட்டில் இருக்கும் பார், இதில் எதில் சிப்பி வளர்கிறது?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பையன் சிரிக்கவில்லை. அவனுடைய தாத்தா கடல் தொழில் செய்தவர். ஒரு மதிப்பெண்ணில் அவனுக்கு முதல் பரிசு போயிற்று.

பையன் எழுதியது சரி. தூத்துக்குடிக்குக் கிழக்கே மன்னார் வளைகுடாவில், ஏறத்தாழ 12 மீட்டரிலிருந்து 25 மீட்டர் வரையான ஆழத்தில், மணலுக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கெட்டியான பாறைத்தளங்கள் இருக்கின்றன. முத்துச்சிப்பி மணலில் நிலைக்காது. தன் நாரால் எதையாவது பற்றிக்கொண்டுதான் வளரும். அதற்கு இந்தப் பாறைத்தளம் வேண்டும். கடலோடிகள் இதைப் பார் என்பார்கள். ஒவ்வொரு பாருக்கும் தனிப் பெயர் உண்டு. குடமுத்துப் பார், பாசிப் பார் என்று. நூறு வருடத்துக்கு முன்னால் இந்தக் கடலை ஆராய்ந்து பெரிய அறிக்கைகள் எழுதிய ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற ஆங்கிலேயர்களும் இதை மொழிபெயர்க்காமல் 'பார்' என்றே ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். பின்னால் வந்த நம் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆங்கில அறிக்கைகளிலும் அந்தச் சொல்தான் நிற்கிறது.

விடைத்தாளில் இருந்த 'முத்துப்படுகை' எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் இதற்குப் பொதுவாக வழங்கும் பெயரில் 'பேர்ல்', 'பெட்' என்று இரண்டு சொற்கள் உண்டு. இரண்டையும் தமிழாக்கி ஒட்டினால் முத்துப்படுகை. அது தவறான தமிழ் இல்லை. ஆனால் ஊரில் வழங்கும் சொல்லை எழுதியவனுக்குக் கோடு போட்டுவிட்டு மொழிபெயர்ப்புக்கு மதிப்பெண் கொடுத்தது சரியில்லை. இது யார் குற்றம் என்று பேச நான் வரவில்லை. இந்த மாதிரிக் கேள்வி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டால் அடுத்த முறை சண்டை குறையும்.

நம் குடியிருப்பில் அரசுத் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். எஸ்.எஸ்.சி. தேர்வின் ஆங்கிலப் பகுதியில் நீண்ட விளக்கத்தைக் கொடுத்து ஒரு சொல் கேட்பது வழக்கம். அதில் பழகிய பிள்ளைகள் தமிழிலும் அதே மாதிரி செய்யப் பார்க்கிறார்கள். முதல் சிக்கல் அங்கேதான். ஆங்கில விளக்கம் எப்படித் தொடங்கும்? 'ஒரு மனிதர்', 'ஓர் இடம்' என்று ஆரம்பித்து, பிறகு அவர் எப்படிப்பட்டவர், அந்த இடம் எப்படிப்பட்டது என்று நீளும். தமிழ் நேர் எதிர். நம் விளக்கத்தில் எல்லா அடைமொழிகளும் முன்னால் வரிசையாக வந்து, எதைப் பற்றிய பேச்சு என்பது கடைசியில்தான் தெரியும். "கடலடியில் முத்துச்சிப்பிகள் கூட்டமாக ஒட்டி வளரும்" வரை படித்தாலும் கேட்பது இடமா, காலமா, முறையா என்று தெரியாது. 'பாறைத்தளம்' வந்த பிறகே தெரியும்.

ஆகவே தமிழ்க் கேள்வியில் கடைசிச் சொல்லை முதலில் படியுங்கள். "முத்துச்சிப்பி எடுப்பதற்காகக் கடலில் மூழ்குபவர்" என்று முடிந்தால் விடை ஓர் ஆள். "முத்துச்சிப்பி எடுப்பதற்காகக் கடலில் மூழ்கும் தொழில்" என்று முடிந்தால் விடை ஒரு செயல். முன்னது குளியாள், பின்னது முத்துக்குளித்தல். முன்பகுதி இரண்டிலும் ஒன்றேதான், ஆனால் விடை வேறு. அவசரத்தில் பாதி வரை படித்துவிட்டு ஆளுக்குப் பதில் தொழிலையும் தொழிலுக்குப் பதில் ஆளையும் எழுதுகிற பிள்ளைகளை நான் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன்.

(இங்கே ஒரு சின்னச் செய்தி. 'குளி' என்றால் இன்று நமக்குப் பாத்ரூமும் சோப்பும்தான் நினைவுக்கு வரும். முத்துக்குளித்தல், சங்கு குளித்தல் என்ற இடங்களில் 'குளி' என்பதற்கு மூழ்கு என்று பொருள்.)

கடைசிச் சொல்லைப் பிடித்த பிறகு, அதற்கு முன்னால் இருக்கும் ஒவ்வொரு அடைமொழியும் ஒரு நிபந்தனை என்று வையுங்கள். 'கடலடியில்' என்பது ஒன்று. 'முத்துச்சிப்பிகள்' என்பது இரண்டு. 'ஒட்டி வளரும்' என்பது மூன்று. நீங்கள் எழுதும் சொல் இந்த மூன்றையும் தாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சொல் அகன்றுவிடும். 'பாறை' என்று எழுதினால் கடலடியும் போயிற்று, சிப்பியும் போயிற்று. 'பவளப்பாறை' என்று எழுதினால் கேள்வியில் இல்லாத பவளத்தை நீங்களாகக் கொண்டுவருகிறீர்கள். சொல் வேறு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 'பார்' என்பதுகூட மூன்று நிபந்தனைகளையும் தானாகத் தாங்குவதில்லை. சிப்பி இல்லாமல், மீன் கூடும் கடலடிப் பாறைத்தளத்தையும் மீனவர்கள் பார் என்றுதான் சொல்வார்கள். முத்துச் சிப்பி என்ற நிபந்தனையைப் பேச்சின் சூழல் நிரப்புகிறது. கறாராகக் கேட்டால் 'முத்துப் பார்' என்று எழுதலாம். ஆனால் இதையே சாக்காக வைத்து 'பார்' என்பதற்குக் கோடு போட முடியாது. வேறு எந்த ஒற்றைச் சொல்லும் அதைவிட நெருங்கி வரவில்லை. அந்தத் தொழிலில் இருந்தவர்களும் 'பார் திறந்திருக்கிறது', 'பாரில் சிப்பி இல்லை' என்றுதான் பேசினார்கள்.

இனி அடுத்த சிக்கல். 'ஒரே சொல்' என்றால் தமிழில் எது ஒரு சொல்? பார்ப்பதற்குச் சுலபம் மாதிரி இருக்கிறது. நம் மொழி ஒட்டி ஒட்டிப் போகிற மொழி. வினையோடு ஒரு விகுதியைச் சேர்த்தால் உடனே பெயர் ஆகிவிடும். பாடினவள், ஓடுகிறவர், மூழ்குபவர். இதற்கு வினையாலணையும் பெயர் என்று பெயர். பத்தாம் வகுப்பில் எல்லோரும் படித்ததுதான். இலக்கணப்படி ஒவ்வொன்றும் ஒரு சொல். அப்படியானால் உலகத்தில் எந்த விளக்கத்துக்கும் தமிழில் ஒரு சொல் செய்துவிடலாம். நம் செயலாளரைக் கேட்டால், "மூன்று மாதமாகப் பராமரிப்புத் தொகை கட்டாமல் லிப்டை மட்டும் தவறாமல் உபயோகிப்பவர்" என்பதற்கு ஒரு சொல் கேட்பார். 'கட்டாதவர்' என்று நான் சொன்னால் இலக்கணப்படி சரி. ஆனால் எதைக் கட்டாதவர்? வீடு கட்டாதவரா, வேட்டி கட்டாதவரா? நிபந்தனைகள் எல்லாம் கொட்டிப்போய்விட்டன. நிலுவைதாரர் என்றால் பரவாயில்லை. லிப்ட் மட்டும் வெளியே நிற்கிறது. செயலாளர் மனதில் இருக்கும் சொல்லை இங்கே சொல்ல முடியாது.

பவணந்தி முனிவர் நன்னூலில் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரித்தார். இந்தப் பிரிவு இந்தக் கேள்விகளுக்கு இவ்வளவு உதவும் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் நமக்குச் சொல்லவில்லை. காரணப்பெயருக்குள் அதன் விளக்கம் உள்ளேயே இருக்கும். இடுகுறிப் பெயரைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் கிடைக்காது; தெரிந்திருந்தால்தான் உண்டு.

நம் ஊர்ச் சங்கையே எடுத்துக்கொள்வோம். "வலப்பக்கமாகச் சுழி கொண்ட சங்கு" என்று கேட்டால் விடை வலம்புரி. 'புரி' என்றால் முறுக்கு, சுழி. 'வலம்' என்பது கேள்வியிலேயே இருக்கிறது. சொல் தெரியாத பிள்ளைகூடக் கொஞ்சம் யோசித்தால் கட்டிவிடலாம். இது காரணப்பெயர். 'சங்கு' என்பது அப்படி இல்லை. 'சங்கு' என்ற ஓசைக்குள் சுழியும் இல்லை, கடலும் இல்லை. 'பார்' அந்த இரண்டாம் வகை.

வலம்புரியிலும் ஒரு கொக்கி இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் 'சங்கு' எங்கே? இல்லை. வலப்புறம் முறுகிய எதுவும் வலம்புரி ஆகலாம். நாட்டு மருந்துக் கடையில் போய் வலம்புரி கேட்டுப் பாருங்கள். கயிறு முறுக்கின மாதிரி இருக்கும் காய்ந்த காயை எடுத்துத் தருவார், வலம்புரிக்காய். தூத்துக்குடியில் சங்குக் கடையில் கேட்டால் சங்கு. சொல்லுக்குள் காரணம் இருந்தாலும், எந்தப் பொருளைக் குறிக்கிறது என்பதைப் பழக்கம்தான் முடிவு செய்கிறது.

இதிலிருந்து தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வழி கிடைக்கிறது. கேள்வியில் இருக்கும் சொற்களே உங்கள் விடையிலும் வந்தால், நீங்கள் கட்டிய சொல் அது. தவறு என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரு நிமிடம் நிறுத்தி, இதற்கென்று தனியாக ஒரு சொல் இருக்கிறதா என்று யோசியுங்கள். "உப்பை விலைக்கு விற்கும் வணிகர்" என்று கேட்டால் 'உப்பு வணிகர்' என்று எழுதுவது கேள்வியைத் திருப்பி எழுதுவதுதான். சங்க நூல்களில் இதற்கு 'உமணர்' என்று தனிச்சொல் இருக்கிறது. கேட்பவர் அதைத்தான் எதிர்பார்ப்பார். அதே நேரத்தில் இன்று நம் ஊர் அளத்தில் வெயிலில் நின்று உப்பு வாருபவரை உமணர் என்று எழுதக்கூடாது. உமணர் உப்பை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர். கடைசிச் சொல் 'வணிகர்' என்று இருந்ததை மறந்தால் இந்தத் தவறு வரும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு சொல்லை முழுதாக எடுத்து, அதற்குள் எத்தனை நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன என்று பார்ப்போம்.

நம் குடியிருப்பில் ஒரு குடும்பம், பெயர் வேண்டாம், பழைய வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. 1958ஆம் வருடத்து நோட்டு. அதில் ஓரிடத்தில் 'சலாபத்தில் வந்தது' என்று எழுதி எதிரே ஒரு தொகை. பேரப்பிள்ளைகள் படித்துவிட்டு, தாத்தா ஏதோ வியாபாரம் செய்து லாபம் பார்த்திருக்கிறார், 'லாபத்தில்' என்பதற்கு முன்னால் ஒரு 'ச' தவறி விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். ஒருவர் 'ச' என்றால் 'சகிதம்', லாபத்தோடு வந்தது என்று விளக்கமும் சொன்னார். என்னிடம் கொண்டுவந்தார்கள். தாத்தா எழுத்துப்பிழை எதுவும் செய்யவில்லை. அவர் வியாபாரியும் இல்லை. சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. தாத்தா அந்த வருடம் படகில் போயிருக்கிறார். அவர் பங்குக்கு வந்த பணம் அது.

"சலாபம் என்றால் முத்துக்குளிப்பு" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அகராதியும் அப்படித்தான் சொல்லும். ஆனால் முத்துக்குளித்தலும் சலாபமும் ஒன்றா? ஒருவர் தனியாகக் கடலில் மூழ்கி நாலு சிப்பி எடுத்து வந்தால் அது முத்துக்குளித்தல். அது சலாபம் ஆகாது. சலாபம் நடப்பதற்கு முன்னால் பாரைச் சோதிக்க வேண்டும். மூழ்கத் தெரிந்தவர்களை இறக்கிச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு மதிப்புள்ள முத்து கிடைக்கிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். சிப்பி இளசாக இருந்தால் விட்டுவிடுவார்கள். முற்றிச் சாகிற வயதுக்கு விட்டாலும் நஷ்டம். கணக்கு ஒத்துவந்தால் அரசாங்கம் இந்த நாள் முதல், இந்தப் பாரில் என்று அறிவிக்கும். பெரும்பாலும் கடல் அடங்கிக் கிடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில்.

அறிவிப்பு வந்தவுடன் பல ஊர்ப் படகுகள் வந்து சேரும். கரையில் கொட்டகைகள் முளைக்கும். வியாபாரிகள், சமையல்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தற்காலிக ஊரே உண்டாகும். குளியாள் காலைக் கல்லில் ஊன்றிக் கயிற்றோடு கீழே போவார். ஒரு நிமிடத்துக்கு முன்பின்னாக மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். மாலையில் படகு திரும்பினால் எடுத்த சிப்பியைக் கரையில் எண்ணிப் பங்கு பிரிப்பார்கள். பெரும்பங்கு அரசுக்கு, மிச்சம் குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். சிப்பியைத் திறக்காமலே ஏலம். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது எடுத்தவன் அதிர்ஷ்டம்.

இவ்வளவும் சேர்ந்ததுதான் சலாபம். இதற்கு ஒரு கேள்வி எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: "பாரைச் சோதித்து, அரசு நாள் குறித்து அறிவித்து, பல படகுகளைச் சேர்த்து நடத்தும் முத்துக்குளிப்பு." கடைசிச் சொல் 'முத்துக்குளிப்பு'. முன்னால் இருக்கும் மூன்று நிபந்தனைகளையும் எடுத்துவிட்டால் விடை வெறும் முத்துக்குளித்தல். மூன்றும் இருந்தால் மட்டுமே சலாபம். இதை வினாடி வினாவில் கேட்டால் பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான். ஆனால் கேள்வி என்றால் இப்படிக் கேட்க வேண்டும்.

இந்தக் கரையில் பெரிய சலாபங்கள் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்தன. 1961தான் கடைசி. அந்த நோட்டு எழுதியவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எதிரே இருந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அறுபது வருடம் சலாபம் நடக்காமல் போனதும் சொல் அப்படியே இருக்க, பொருள் மட்டும் கழன்று விழுந்துவிட்டது. பேரன்கள் அந்த இடத்தில் 'லாபம்' போட்டுப் பார்க்கிறார்கள். இலங்கையில் மன்னார்ப் பக்கம் சிலாவத்துறை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கேயும் முத்துக்குளிப்பு நடந்தது. ஊர்ப்பெயர் சலாபத்துறை என்பதன் திரிபு என்று சொல்வார்கள். அங்கே சொல் ஊர்ப்பெயருக்குள் போய் ஒட்டிக்கொண்டது.

ஒரு சொல் ஊர் விட்டு ஊர் போனாலும் இப்படி நடக்கும். கட்டுமரத்தைப் பாருங்கள். "மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை" என்று கேட்டால் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். கட்டு, மரம் இரண்டும் கண்முன்னால் இருக்கின்றன. ஆங்கிலேயர்கள் அதை 'கேட்டமரான்' என்று எடுத்துப்போனார்கள். இன்று வெளிநாட்டில் அந்தப் பெயரில் ஓடுவது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உடற்பகுதி வைத்த பெரிய படகு. அதில் கட்டும் இல்லை, மரமும் அனேகமாக இல்லை. ஆங்கிலத்தேர்வில் அந்தச் சொல்லுக்கு எழுதும் விளக்கத்தைத் தமிழில் பெயர்த்து 'கட்டுமரம்' என்று விடை போட்டால் அபத்தம். இரண்டும் ஒரே சொல்தானே என்று பையன் வாதாடினால் பதில் சொல்வது கஷ்டம்.

இன்னொரு விதமான கண்ணி, ஒரே சொல்லுக்கு இரண்டு விளக்கம் இருப்பது. நம் துறைமுகத்தில் தோணிக்காரர்களைக் கேளுங்கள், "தோணியை நடத்திச் செல்லும் தலைவர்" யார் என்று. தண்டல் என்பார்கள். சென்னையில் ஒரு மளிகைக்கடைக்காரரிடம் தண்டல் என்றால் என்ன என்று கேளுங்கள். "தினமும் சாயங்காலம் வந்து வட்டி வாங்கிட்டுப் போவாங்களே, அது" என்பார். பழைய ஆவணங்களில் வரி வசூலும் தண்டல்தான். மூன்றும் சரி. ஆகவே சொல்லைக் கொடுத்து விளக்கம் கேட்டால் சண்டை வரும். விளக்கத்தைக் கொடுத்துச் சொல் கேட்டால் சண்டை கொஞ்சம் குறையும்.

கொஞ்சம்தான் குறையும், முழுக்கத் தீராது. ஏனென்றால் தலைகீழாகவும் நடக்கும். "ஆறு கடலில் கலக்கும் இடம்." என் கணக்கில் கழிமுகம், முகத்துவாரம், புகார் மூன்றும் இதற்குப் பொருந்தும். புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் நின்றுகொண்டு இவற்றில் எதைச் சொன்னாலும் தவறு என்று சொல்ல முடியாது. விடைத்தாளில் கழிமுகம் மட்டும் இருந்து, பிள்ளை புகார் என்று எழுதியிருந்தால்? திருத்துபவர் புகார் என்றவுடன் போலீஸ் ஸ்டேஷனை நினைத்தால் முடிந்தது கதை. பொங்கலுக்கு 'பார்' பட்ட பாடு அதுதானே.

அடுத்த விழாவுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கப்போகிற மகளிர் குழுவினர் முன்வரிசையில் இருக்கிறீர்கள், உங்களிடம் சில கோரிக்கைகள். கேள்வியை ஆங்கிலப் புத்தகத்திலிருந்து பெயர்க்காமல், தமிழ்ச் சொல்லிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். முதலில் சொல். தேரி என்று வைத்துக்கொள்வோம். அதை விரித்து எழுதுங்கள்: "திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் காற்று குவித்த செம்மணல் மேட்டு நிலம்." பிறகு அந்த விளக்கத்தைச் சொல் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் 'மணல்மேடு' என்றால் 'செம்மணல்' என்ற நிபந்தனை அவர் கண்ணில் படவில்லை. கேள்வியில் அது இன்னும் அழுத்தமாக இருக்க வேண்டும். 'பாலை' என்றால் 'திருச்செந்தூர்' போதவில்லை என்று பொருள். அவர் சொன்ன விடை கேள்வியின் எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்திவிட்டால், அதுவும் சரியான விடைதான். உடனே விடைத்தாளில் எழுதிவிடுங்கள். இரண்டு பேரிடம் சோதித்தால் போதும். ஒருவர் கடற்கரைப் பக்கம் வளர்ந்தவராகவும் மற்றவர் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவராகவும் இருந்தால் நல்லது. நம் பி பிளாக்கிலேயே இரண்டு வகையும் கிடைப்பார்கள்.

விடை இடுகுறிப் பெயராக இருந்தால் பிள்ளைகள் அதை எங்கேயாவது கேட்டிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். 'அளம்' என்று ஒரு விடை. நம் ஊரில் உப்பளம், உப்பளம் என்றே சொல்லி, அளம் என்றாலே உப்பு விளையும் இடம் என்பது மறந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் 'அளம்' எதிர்பார்த்தால் அநியாயம். பத்தாம் வகுப்புக்குக் கேட்கலாம். உப்பளம் என்று எழுதினாலும் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு காரியம். விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே 'மாற்று விடை' என்று ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை எதிர்பாராத விடை எழுதினால் உடனே கோடு போடாமல், அந்தச் சொல்லை எங்கே கேட்டாய் என்று அவனிடமே கேளுங்கள். 'எங்க தாத்தா சொல்வார்' என்றால் தாத்தாவுக்கு ஒரு போன் போடுங்கள். பிறகு அந்தச் சொல்லை அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். பொங்கல் தாளில் அந்தக் கட்டத்தை நானே வரைந்து 'பார்' என்று எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு மதிப்பெண் கூடுகிறது. பரிசு இரண்டு பேருக்கும் சமம். இரண்டாவது டிபன் பாக்ஸுக்கு ஆகும் செலவைப் பொருளாளர் இந்தக் காலாண்டுக் கணக்கிலேயே காட்டிவிட்டார்.